உங்க ஆர்டர் அந்த 22 விநாடி எங்கே இருந்தது?

பங்குச்சந்தையில் காசு விட்டவர்கள் புரோக்கருக்கு எழுதும் புகார்க் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. "உங்க ஆப் தொங்கிடுச்சு, ஆர்டர் லேட்டா போச்சு, பேராசை பிடித்த கம்பெனி, என் காசைத் திருப்பிக் கொடு". அதற்கு வரும் பதிலும் ஒரே அச்சுதான். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். மார்க்கெட் ஆர்டர்கள் அந்த நேரத்தில் கிடைக்கும் சிறந்த விலையில் நிறைவேறும். தங்கள் ஆர்டர் எக்ஸ்சேஞ்சில் அதே விநாடியில் நிறைவேறியுள்ளதைக் கான்ட்ராக்ட் நோட்டில் காணலாம். புகார் முடித்து வைக்கப்படுகிறது."

இந்தப் பதிலில் ஒரு வரிகூட பொய் இல்லை நண்பர்களே. ஆனால் கேட்ட கேள்விக்கு அதில் பதிலும் இல்லை. ஒரு பொய்கூட சொல்லாமல் ஒருவரை எப்படி ஏமாற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கள் சிலபஸிலேயே கிடையாது. இந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்து மேயத்தான் இந்தப் பதிவு.

விஷயம் என் சித்தப்பாவுடையது. திருப்பூரில் கடை வைத்திருக்கிறார், காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கொஞ்சம் இன்ட்ராடே பண்ணுவார். "நீ காலேஜ்ல படிக்கிறவன்தானே, இவனுங்களுக்கு நறுக்குன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுடா" என்று போனில் கேட்டார். எந்தப் புரோக்கர், எந்தக் கம்பெனி ஷேர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நடந்தது இவ்வளவுதான். ஒரு ஷேரை 412 ரூபாய்க்கு 1,000 எண்ணம் வாங்கி வைத்திருந்தார். விலை இறங்க ஆரம்பித்தது. 410.20 வந்தபோது, காலை 10 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு, மார்க்கெட் ஆர்டரில் விற்கச் சொல்லி அமுக்கினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. 10:14:29க்கு விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. சராசரி விலை 406.85.

சித்தப்பாவின் கணக்கு: 412க்கு வாங்கியது 406.85க்குப் போனது, ஒரு ஷேருக்கு 5.15, ஆகமொத்தம் 5,150 ரூபாய் நஷ்டம். "மொத்தத்தையும் கேளு" என்றார். அவர் முதலில் எழுதிய மெயிலிலும் அதைத்தான் கேட்டிருந்தார். மேலே சொன்ன அச்சுப் பதில் வந்திருந்தது.

இங்கேதான் நம்மாட்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். நஷ்டம், ஸ்லிப்பேஜ், தாமதம் என்ற மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி புரோக்கர் தலையில் வைக்கிறார்கள். மூட்டையில் ஒரு பகுதி தன்னுடையதில்லை என்று காட்டிவிட்டு, புரோக்கர் முழு மூட்டையையும் கீழே போட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஆகவே முதலில் மூட்டையைப் பிரிக்க வேண்டும்.

412இலிருந்து 410.20 வரை இறங்கியது சித்தப்பா விற்க அமுக்குவதற்கு முன்பு. அந்த 1.80 சந்தை எடுத்துக்கொண்டது. 1,800 ரூபாய். அதைப் புரோக்கரிடம் கேட்பது, மழை பெய்ததற்குக் குடைக் கடைக்காரனிடம் சண்டை போடுவது மாதிரி.

அடுத்தது ஸ்லிப்பேஜ். திரையில் 410.20 என்று தெரிந்தால், ஆயிரம் ஷேரையும் அந்த விலைக்கு வாங்க ஆள் நிற்கிறது என்று அர்த்தமில்லை. அந்த விலையில் எத்தனை ஷேருக்கு ஆள் நிற்கிறது என்பதைக் கீழே இருக்கும் ஐந்து வரிசைப் பட்டியலில் பார்க்க வேண்டும். சித்தப்பா வட்டம் சுற்றும்போதே கடுப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தார். அதில் இப்படி இருந்தது: 410.20க்கு 300 ஷேர், 410.10க்கு 450, 410.05க்கு 600. ஆக, 10:14:07க்கே ஆர்டர் ஒழுங்காக எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருந்தாலும், முதல் 300 ஷேர் 410.20க்கும், அடுத்த 450 ஷேர் 410.10க்கும், மீதி 250 ஷேர் 410.05க்கும்தான் போயிருக்கும். கூட்டினால் 4,10,117 ரூபாய் 50 காசு. சராசரி 410.1175. திரையில் தெரிந்த விலைக்கும் இதற்கும் வித்தியாசம் மொத்தமே 82 ரூபாய் 50 காசு. உண்மையான ஸ்லிப்பேஜ் இதுதான். இது யார் குற்றமும் இல்லை. பெரிய எண்ணிக்கையை மார்க்கெட் ஆர்டரில் தள்ளினால் வரிசையில் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது தாமதம். 410.1175க்குப் போயிருக்க வேண்டியது 406.85க்குப் போனது. ஒரு ஷேருக்கு 3.2675, ஆயிரத்துக்கு 3,267 ரூபாய் 50 காசு. அந்த 22 விநாடியின் விலை இது. 1,800 + 82.50 + 3,267.50, கூட்டிப் பாருங்கள், சரியாக 5,150 வரும்.

ஆக, கேட்க வேண்டிய தொகை 5,150 இல்லை. 410.20ஐ வைத்துக் கணக்குப் போட்டால் வரும் 3,350ம் இல்லை. 3,267.50தான். 82 ரூபாய்க்காக இவ்வளவு கணக்கா என்று சித்தப்பா சிரித்தார். கணக்கு அந்த 82 ரூபாய்க்காக இல்லை. "வாடிக்கையாளருக்கு ஸ்லிப்பேஜ் என்றால் என்னவென்று தெரியவில்லை" என்று அவர்கள் எழுத வழியில்லாமல் செய்வதற்காக.

சரி, இந்த 22 விநாடிக்குப் பொறுப்பு யார்? இது அடுத்த கேள்வி, இதற்கு ஆர்டர் போகும் பாதை தெரிய வேண்டும். நீங்கள் பட்டனை அமுக்குவது முதல் நேரம். புரோக்கரின் சர்வருக்கு அது வந்து சேர்வது இரண்டாம் நேரம். அங்கே உங்கள் கணக்கில் மார்ஜின் இருக்கிறதா, ஷேர் இருக்கிறதா, விலையும் எண்ணிக்கையும் வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒரு சோதனை நடக்கும். ரிஸ்க் செக் என்பார்கள். அது முடிந்து எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பப்படுவது மூன்றாம் நேரம். எக்ஸ்சேஞ்சின் புத்தகத்தில் ஆர்டர் பதிவாவது நான்காம் நேரம். எதிர்ப்பக்க ஆர்டரோடு பொருந்தி வியாபாரம் ஆவது ஐந்தாம் நேரம்.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் போன், உங்கள் நெட்வொர்க், அவர்களுடைய ஆப். இதில் யார் பக்கம் தவறு என்று சொல்வது கஷ்டம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருப்பது முழுக்க முழுக்கப் புரோக்கரின் வீடு. அங்கே நம் நெட்வொர்க்கும் இல்லை, சந்தையும் இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருப்பது எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் இணைப்பு. நான்கிலிருந்து ஐந்து, நல்ல வியாபாரம் நடக்கும் ஷேரில் மார்க்கெட் ஆர்டர் என்றால், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இப்போது கான்ட்ராக்ட் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஆர்டர் எண், ஆர்டர் நேரம், டிரேட் எண், டிரேட் நேரம் இருக்கும். சித்தப்பாவுடையதில் ஆர்டர் நேரம் 10:14:29, டிரேட் நேரம் 10:14:29. பார்த்தீர்களா, "அதே விநாடியில்" நிறைவேறியிருக்கிறது! ஆனால் இவை நான்காம் நேரமும் ஐந்தாம் நேரமும். ஆர்டர் எக்ஸ்சேஞ்சின் வாசலை மிதித்த பிறகு நடந்த கதை. அதற்கு முன் 22 விநாடி அது எங்கே நின்றது என்பதைச் சொல்லும் இரண்டாம் நேரமும் மூன்றாம் நேரமும் கான்ட்ராக்ட் நோட்டில் கிடையாது, ஆப்பின் ஆர்டர் பக்கத்திலும் பெரும்பாலும் கிடையாது. புரோக்கரின் சர்வர் பதிவில் மட்டும் இருக்கும். சந்தேகத்துக்குரிய வீட்டுக்குள் நடந்ததைக் கேட்டால், தெருவில் நடந்ததற்கு ஆதாரம் காட்டுகிறார்கள். அந்த அச்சுப் பதிலின் தந்திரம் இவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவின் முதல் மெயிலில் "நீங்களே என் ஷேரைக் கம்மி விலைக்கு வாங்கிக்கிட்டீங்க" என்று ஒரு வரி இருந்தது. இது நம் ஊரில் நிறையப் பேர் நம்புகிற விஷயம், ஆனால் தவறு. வெளிநாட்டு ஃபாரெக்ஸ், சிஎஃப்டி கம்பெனிகள் சிலவற்றில் எதிர்ப்பக்கம் நிற்பது அந்தக் கம்பெனியேதான். இந்தியாவில் பங்குச்சந்தை ஆர்டர் அப்படி இல்லை. புரோக்கர் உங்கள் ஆர்டரைத் தன் பையில் வைத்தே முடிக்க முடியாது, எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். அங்கே நல்ல விலை முதலில், ஒரே விலை என்றால் முன்னால் வந்தவர் முதலில் என்ற விதிப்படி பொருத்தப்படும். ஆகவே திருட்டுக் குற்றச்சாட்டை வைத்தால் அதை ஒரு வரியில் தட்டிவிட்டு, மிச்சக் கேள்விகளையும் சேர்த்துத் தட்டிவிடுவார்கள். புரோக்கர் தாமதித்தார் என்பது ஒன்று, திருடினார் என்பது வேறு.

இதையெல்லாம் வைத்து நான் எழுதிக் கொடுத்த கடிதம் இது. அனுப்பியது ஆங்கிலத்தில், இங்கே தமிழில்:

"ஐயா,

என் கணக்கில் இன்ன தேதி காலை 10:14:07க்கு 1,000 ஷேர் விற்க உங்கள் மொபைல் ஆப் வழியாக மார்க்கெட் ஆர்டர் கொடுத்தேன். எக்ஸ்சேஞ்ச் ஆர்டர் எண் கான்ட்ராக்ட் நோட்டில் உள்ளபடி. எக்ஸ்சேஞ்சில் ஆர்டர் பதிவான நேரமும் டிரேட் நேரமும் 10:14:29. இவை இரண்டும் ஒரே விநாடி என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எனவே அதைப் பதிலாகத் தர வேண்டாம்.

என் புகார் 10:14:07க்கும் 10:14:29க்கும் இடையிலான 22 விநாடி பற்றியது மட்டுமே. கீழ்க்கண்ட நான்கையும் உங்கள் சர்வர் பதிவிலிருந்து தரவும்.

ஒன்று, என் ஆர்டர் உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். இரண்டு, ரிஸ்க் செக் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும். மூன்று, எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பப்பட்ட நேரம். நான்கு, 10:14:07க்கு அந்த ஷேரில் வாங்குவோர் வரிசையின் ஐந்து விலைகளும் எண்ணிக்கைகளும்.

10:14:09 என்ற நேரத்தோடு சேமிக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துள்ளேன். அதில் உள்ள வரிசைப்படி 1,000 ஷேருக்குக் கிடைத்திருக்கக்கூடிய தொகை 4,10,117.50. கிடைத்தது 4,06,850.00. வித்தியாசம் 3,267.50. நான் கோருவது இந்தத் தொகையை மட்டும். ஷேரை வாங்கிய விலையிலிருந்து ஏற்பட்ட மற்ற நஷ்டத்தையோ, இயல்பான ஸ்லிப்பேஜையோ கோரவில்லை. உங்கள் பதிவில் உள்ள வரிசை என் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து வேறுபட்டால் உங்கள் எண்ணைத் தாருங்கள், அதன்படி தொகையைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆர்டர் உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்ததே 10:14:28க்குத்தான் என்று பதிவு காட்டினால், தாமதம் என் இணைப்பில் நேர்ந்தது என்று ஏற்று இந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இந்த ஆர்டர் தொடர்பான எல்லாப் பதிவுகளையும் புகார் முடியும்வரை அழிக்காமல் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசிக்கு முந்தைய பத்தியைச் சித்தப்பா எடுக்கச் சொன்னார். "நாமளே ஏன்டா விட்டுக் குடுக்கணும்?" என்றார். "விட்டுக் குடுக்கலை சித்தப்பா, பூட்டுப் போடறோம்" என்றேன். அந்தப் பத்தி இருக்கும்வரை, தாமதம் உங்கள் நெட்வொர்க்கில்தான் என்று அவர்கள் வெறும் வாயால் சொல்ல முடியாது. சொன்னால் நேரத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும், சாதகமோ பாதகமோ.

ஸ்கிரீன்ஷாட் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆப் தொங்கும்போது அதில் தெரியும் விலைப்பட்டியலும் தொங்கியிருக்கலாம். பத்து விநாடி பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டு அனுப்பினால் அசிங்கப்பட்டுவிடுவோம். வேறு இடத்தில் அதே ஷேரின் ஒரு நிமிட சார்ட்டைத் திறந்து, 10:14 மெழுகுவர்த்தியின் உச்சத்துக்கும் அடிக்கும் நடுவில் 410.20 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்த எண்ணை வைத்துப் புகார் எழுதாதீர்கள். வந்தால் அது நிரூபணம் ஆகிவிடாது, ஏனென்றால் சார்ட் காட்டுவது வியாபாரமான விலை, வரிசையில் நின்ற விலை இல்லை, அதுவும் 60 விநாடிக்குச் சேர்த்து. ஆனால் உங்கள் எண் சாத்தியமானது என்றாவது தெரியும். கடிதத்தில் நான்காவதாக வரிசையைக் கேட்டிருப்பது இதற்காகத்தான். அப்புறம், வட்டம் சுற்றுகிறதே என்று மறுபடி மறுபடி அமுக்காதீர்கள். முதல் ஆர்டரும் இரண்டாவது ஆர்டரும் சேர்ந்து போய், கையில் இல்லாத ஆயிரம் ஷேரையும் விற்றுவிட்டு நிற்பீர்கள். அதற்கும் சேர்த்துப் புகார் எழுதினால், பிரிக்கவே முடியாத மூட்டை ஆகிவிடும்.

கடிதம் போனது. எங்கே போனது என்பதும் முக்கியம். ஆப்பில் இருக்கும் சாட் பெட்டியில் கொட்டினால் அது காற்றில் போகும். குறைதீர்ப்புக்கென்று ஒவ்வொரு புரோக்கரும் தனி மெயில் முகவரி வைத்து, அதைத் தன் இணையதளத்தில் காட்டியாக வேண்டும். அதற்கு அனுப்பி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வந்தது. என்ன பதில்? "ஆர்டர் எக்ஸ்சேஞ்சில் அதே விநாடியில் நிறைவேறியுள்ளது." அவ்வ்வ்வ்! வேண்டாம் என்று எழுதியதையே திருப்பி எழுதியிருந்தார்கள்.

பிறகு செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போட்டோம். 2011இல் தொடங்கிய தளம் இது, 2024 ஏப்ரலில் புது வடிவில் வந்தது. அங்கே போட்டால் புகார் நேராகப் புரோக்கருக்குப் போகும், 21 நாளுக்குள் என்ன நடவடிக்கை எடுத்தார் என்று அவர் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்கோர்ஸில் புரோக்கர் தந்த பதிலில்தான் முதன்முறையாக அந்த நேரங்கள் எட்டிப் பார்த்தன. சர்வருக்கு வந்தது 10:14:08. எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியது 10:14:28. நடுவில் 20 விநாடி, "அதிக ஆர்டர் வரத்து காரணமாக ரிஸ்க் செக் வரிசையில்" இருந்ததாம்.

அப்பாடா. நெட்வொர்க் இல்லை, போன் இல்லை, சந்தை இல்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருபது விநாடி உட்கார வைக்கப்பட்டிருக்கிறது. சரி, காசு தந்தார்களா? இல்லை. கணக்குத் தொடங்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட அபாய அறிவிப்பில், ஆர்டர் வரத்து அதிகமானால் தாமதம் ஏற்படலாம் என்று இருக்கிறது, ஆகவே பொறுப்பேற்க இயலாது என்று முடித்திருந்தார்கள்.

இந்த வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அபாய அறிவிப்பில் அப்படி இருப்பது உண்மைதான். எல்லாப் புரோக்கரிடமும் இருக்கும். சந்தை திறக்கும்போதும் மூடும்போதும் கூட்டம் அதிகம், தாமதம் வரலாம் என்று முதலீட்டாளரை எச்சரிப்பதற்காக வைத்தது அது. எச்சரிக்கை என்பது எனக்குத் தரும் தகவல், அவர்களுக்குத் தரும் லைசென்ஸ் இல்லை. "படிகளில் வழுக்கும், கவனம்" என்று பலகை வைத்த ஹோட்டல்காரர், படியில் எண்ணெயைக் கொட்டிவிட்டு பலகையைக் காட்ட முடியாது. வாடிக்கையாளர்களை லட்சக்கணக்கில் சேர்க்கும் கம்பெனிக்கு எத்தனை பேர் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள் என்று கணித்துச் சர்வர் வைப்பது தொழிலின் அடிப்படைச் செலவு. அதை மிச்சம் பிடித்துவிட்டு, மிச்சம் பிடித்ததன் விலையைத் திருப்பூர்க் கடைக்காரரிடம் வசூலிப்பது என்ன நியாயம்?

செபி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். புரோக்கர்களின் தொழில்நுட்பக் கோளாறுகளைக் கண்காணிக்க 2022 நவம்பரில் ஒரு சட்டகம் கொண்டுவந்தது. ஆனால் அதில் கோளாறு என்பதற்கு வைத்த அளவு, தொடர்ந்து ஐந்து நிமிடம் அல்லது அதற்கு மேல். அதாவது 300 விநாடி. சித்தப்பாவின் 20 விநாடி அந்தத் தராசில் ஏறவே ஏறாது. 2023 அக்டோபரில் ஐஆர்ஆர்ஏ என்று ஒரு அவசரத் தளமும் வந்தது. புரோக்கரின் அமைப்பு முழுக்கப் படுத்துவிட்டால், அதன் வழியாகக் கையில் இருக்கும் பொசிஷன்களை முடித்துக்கொள்ளலாம். நல்ல விஷயம். ஆனால் படுக்காமல் இருபது விநாடி கொட்டாவி விடும் அமைப்புக்கு அது மருந்து இல்லை. பெரிய விபத்துக்கு ஆம்புலன்ஸ் இருக்கிறது, தினசரி நடக்கும் சிராய்ப்புக்குப் பஞ்சுகூட இல்லை. இன்ட்ராடே செய்பவனுக்கு ஐந்து நிமிடம் என்பது ஒரு யுகம். அவன் பணம் போவது விநாடிகளில்.

"இன்ட்ராடே பண்றவங்க எப்படியும் காசு விடுவாங்க, புரோக்கர் மேல பழி போடுவாங்க" என்று ஒரு நண்பன் சொன்னான். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாக 2024 ஜூலையில் செபியே ஆய்வு வெளியிட்டது. ஆனால் அதனால் என்ன? தோற்கிறவனுக்கும் சரியான தராசு வேண்டும். சூதாட்டம் என்றே வைத்துக்கொண்டாலும், காயை உருட்டியவன் கையிலிருந்து அது மேஜையில் விழ இருபது விநாடி ஆகக் கூடாது. தன் முடிவால் போன 1,800 எது, அடுத்தவர் வேலையைச் சரியாகச் செய்யாததால் போன 3,267 எது என்று தெரிந்தால்தானே ஒருவன் தன் வியாபாரத்தையே எடைபோட முடியும்? இந்த இரண்டையும் கலந்து வைப்பதில் லாபம் புரோக்கருக்கு மட்டும்தான்.

இது செய்ய முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே, ஆர்டரை நிறைவேற்றும் சந்தை மையங்கள் ஆர்டர் தம் கைக்கு வந்த நேரத்திலிருந்து நிறைவேற எவ்வளவு நேரம் ஆனது என்பதை மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். இன்று அது 605ஆம் விதி. பெரிய புரோக்கர்களையும் அதற்குள் கொண்டுவரும் திருத்தத்தை 2024 மார்ச்சில் அங்கே ஏற்றார்கள். அவர்கள் சந்தை அமைப்பு வேறு, அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் கடிகாரத்தை எங்கே தொடங்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. ஆர்டர் கைக்கு வந்த நேரத்தில்.

என் கோரிக்கை ஒரே ஒரு பத்தி அளவுதான் (ஒழுங்குமுறையாளர்கள் யாராவது கல்லூரிப் பையன் எழுதுவதைப் படித்தால்!). கான்ட்ராக்ட் நோட்டில் இன்னும் ஒரு கட்டம் சேருங்கள். ஆர்டர் நேரத்துக்குப் பக்கத்தில் "புரோக்கர் சர்வரில் பெற்ற நேரம்". அந்தத் தகவல் சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். அந்த ஒரு கட்டம் வந்துவிட்டால் பாதிப் புகார்கள் எழுதப்படவே மாட்டா, ஏனென்றால் தாமதம் தன் போனில்தான் என்று வாடிக்கையாளருக்கே தெரிந்துவிடும். மீதிப் புகார்களை அச்சுப் பதிலால் மூட முடியாது. இரண்டு பக்கத்துக்கும் நியாயமான விஷயத்தை ஒரு பக்கம் மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது யார் என்று ஊகிக்க ராக்கெட் சயின்ஸ் தேவையில்லை.

சித்தப்பாவின் புகார் இப்போது ஸ்மார்ட் ஓடிஆர் தளத்தில் இருக்கிறது. முதலில் சமரசம் பேசுபவர் இரண்டு பக்கத்தையும் கேட்பார், ஒத்துவரவில்லை என்றால் நடுவர் தீர்ப்பு. 3,267 ரூபாய் 50 காசு வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தமுறை மேஜையில் இருப்பது "ஆப் தொங்கிடுச்சு" என்ற புலம்பல் இல்லை. 10:14:08 என்று ஒரு நேரம், 10:14:28 என்று இன்னொரு நேரம், நடுவில் இருந்தது யார் என்று புரோக்கரே கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு வரி.

டிஸ்கி: இது ஷேர் வாங்கவோ விற்கவோ ஆலோசனை இல்லை. கடிதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து, உங்கள் எண்களைப் போட்டு அனுப்பிக்கொள்ளலாம். அனுப்பும் முன் மூட்டையைப் பிரித்துவிடுங்கள். :)